எச்சரிக்கை: வரிசையில் நின்ற நாற்பது நிமிடத்தில் என்னிடமிருந்து 1,300 போனது

நேற்று சனிக்கிழமை நண்பகலில், எல்லைச் சாவடியைக் கடந்ததும் முதலில் கண்ணில் படும் பணம் மாற்றும் கடை ஒன்றில் 500 டாலரைக் கொடுத்து உள்ளூர்ப் பணமாக மாற்றினேன். எனக்கு வந்திருக்க வேண்டிய தொகையில் 1,300 குறைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் நான் இரண்டு நாள் தங்கியிருப்பேன். வேலைக்குச் சேர்ந்து முதல் ஆண்டு சேமிப்பில் தனியாகக் கிளம்பிய முதல் பயணம் இது. இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. கோபம் ஆறுவதற்கு முன்பே நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கூரையின் மேல் சிவப்பு எண்கள் ஓடும் மின்பலகையும், கண்ணாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கவுண்டரும், நெடுந்தூரப் பேருந்துகள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே வாசலும் உள்ள கடை என்று மட்டும் சொல்கிறேன்.

பேருந்தை விட்டு இறங்கியபோது பலகையில் ஒரு டாலருக்கு வாங்கும் விலை 36.40 என்றும் விற்கும் விலை 39.20 என்றும் இருந்தது. இந்த இரண்டில் நமக்கு உரியது எது என்பதில் பலரும் குழம்புகிறார்கள். வாங்குவதும் விற்பதும் கடைக்காரர் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. நம் டாலரை அவர் வாங்குகிறார். ஆகவே நமக்குக் கிடைப்பது வாங்கும் விலை, அதாவது இரண்டில் சிறிய எண். அது எனக்கு முன்பே தெரியும். 500 டாலருக்கு 18,200 வரும் என்று மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டேன். பத்தடி தள்ளியிருந்த இன்னொரு கடையில் 35.90 என்று எழுதியிருந்தது. அங்கே வரிசையே இல்லை. அங்கே மாற்றியிருந்தால் 17,950 கிடைத்திருக்கும். 250 கூடுதலாக வரும் என்பதற்காகத்தான் நீண்ட வரிசையில் போய் நின்றேன்.

நான் அவர்களை நம்பிய நொடி எது என்று நேற்றிலிருந்து திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். வரிசையில் நின்ற சில நிமிடங்களில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட இளைஞர் ஒருவர் வந்து ஒவ்வொருவருக்கும் எண் போட்ட டோக்கன் கொடுத்தார். எனக்கு 31. "பலகையில் இருக்கும் ரேட்தானே?" என்று கேட்டேன். "அதே ரேட்தான், கமிஷன் கிடையாது" என்று சிரித்த முகத்துடன் சொன்னார். அந்தத் துண்டுக் காகிதத்தைக் கையில் வாங்கியதும், அந்த விலையே எனக்கென்று உறுதியாகிவிட்டது போல ஒரு நிம்மதி வந்தது. டோக்கனில் வரிசை எண் மட்டும்தான் இருந்தது. விலையோ நேரமோ இல்லை. அதை அப்போது நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடைக்குப் போகலாமா என்று இரண்டு முறை தோன்றியபோதும், கையில் டோக்கன் இருக்கிறதே என்றுதான் நின்றேன்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. அந்தப் பலகை தெருவைப் பார்த்து இருக்கிறது. வரிசை கூரைக்குக் கீழே நுழைந்ததும் பலகை நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. கவுண்டர் முன்னால் நிற்பவருக்கு அது தெரிவதே இல்லை. நான் கடைசிப் பத்து நிமிடம் அதன் கீழேதான் நின்றேன். என் முறை வந்தபோது பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடிக்கத் தொடங்கியிருந்தார். ஐந்து நூறு டாலர் நோட்டுகளையும் ஒன்றாகக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். கவுண்டரில் இருந்தவர் அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எண்ணினார், இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அதன் பிறகே கணிப்பானைத் தட்டினார். ஒரு கட்டும் ஒரு ரசீதும் வெளியே வந்தன. எண்ணிப் பார்த்தால் 16,900.

"1,300 குறைகிறதே" என்றேன். அவர் நிமிராமலே, "ரேட் மாறிவிட்டது. 33.80" என்றார். எப்போது மாறியது என்று கேட்டேன். "இப்போதுதான். மார்க்கெட் இறங்கிவிட்டது" என்றார். அப்படியானால் என் டாலரைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ரசீது அடித்தாகிவிட்டது, இனி டாலர் வேண்டுமென்றால் விற்கும் விலைக்குத்தான் தர முடியும் என்றார். அதாவது அவர் கொடுத்த 16,900-ஐ அவரிடமே திருப்பிக் கொடுத்தால், 39.20 கணக்கில் எனக்கு 431 டாலர் வரும். இரண்டு நிமிடம் முன்பு அவர் இழுப்பறைக்குள் போட்ட என் 500 டாலர் அங்கேயே கிடக்கிறது. அதைத் தொட்டுத் திருப்பித் தருவதற்கு 69 டாலர் பிடித்தம்!

மேலாளரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தவரிடம் என் கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். இறங்கியவுடன் வீட்டுக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. பின்னணியில் பலகையின் இரண்டு எண்களும் தெளிவாக விழுந்திருந்தன, நேரம் 12:06. அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ரசீதில் 12:47 என்று இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "பணம் கைமாறும் நேரத்து விலைதான் செல்லும். பலகையின் கீழே சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறோம்" என்றார். வெளியே வந்து பார்த்தேன். முன்னறிவிப்பின்றி விலை மாறும் என்ற வரி உண்மையில் இருந்தது. சாவடியில் இருந்த காவலரிடம் போனேன். அது கடைக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம் என்றார். ரசீதில் இருந்த எண்ணுக்கு மூன்று முறை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. இரவில் அனுப்பிய புகாருக்கு இன்று காலை ஒரே வரியில் பதில் வந்தது: பரிவர்த்தனை முடிந்துவிட்டதால் மறுபரிசீலனைக்கு இடமில்லை. 1,300 என்ற எண்ணை அந்தப் புகாரில் நான்கு இடங்களில் எழுதியிருந்தேன். பதிலில் அது ஒரு முறைகூட வரவில்லை.

விலையை மாற்றும் உரிமை கடைக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. கடையில் உள்ளூர் நோட்டு தீர்ந்துவருகிறது என்றாலோ, டாலர் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்றாலோ வாங்கும் விலையைக் குறைப்பார்கள். அப்படி ஒரு காரணத்தை நேராகச் சொல்லியிருந்தால் எனக்கு வருத்தம் மட்டும்தான் இருந்திருக்கும். ஆனால் அவர்கள் சொன்னது மார்க்கெட் இறங்கிவிட்டது என்று. பேருந்தில் ஏறி உட்கார்ந்து, மனம் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் நேற்று சனிக்கிழமை என்பது உறைத்தது. வங்கிகளுக்கு இடையே நடக்கும் உலக நாணயச் சந்தை நியூயார்க் நேரப்படி வெள்ளிக்கிழமை மாலை ஓய்ந்து, ஞாயிறு மாலையில்தான் மறுபடி தொடங்குகிறது. உலகில் எந்த ஊரானாலும் சனிக்கிழமை நண்பகலில் அந்தச் சந்தை உறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில், அந்த நாற்பது நிமிடத்தில், ஏழு சதவீதம் எங்கிருந்து இறங்கும்?

இன்னொன்றும் அந்தப் படத்தில்தான் பிடிபட்டது. டாலரின் மதிப்பு உண்மையில் இறங்கினால் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டுமே இறங்க வேண்டும். கடையை விட்டு வெளியே வந்தபோது பலகையைப் பார்த்தேன் அல்லவா, அதில் வாங்கும் விலை 33.80 ஆகியிருந்தது, விற்கும் விலையோ அதே 39.20. படத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி 2.80, நான் வெளியே வந்தபோது 5.40. இறங்கியது டாலர் அன்று, எங்களுக்குக் கொடுப்பதை மட்டும்தான் இறக்கியிருக்கிறார்கள்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மாதம் இரண்டு முறை அந்த எல்லையைக் கடக்கும் லாரி ஓட்டுநர். வண்டியை மறுபக்கத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். நான் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு விவரம் கேட்டார். "தம்பி, நீ நின்றது பஸ் வரும் நேரத்து வரிசை. பஸ் வரும்போது பலகையில் நல்ல ரேட் எரியும். ஆட்கள் வரிசையில் நின்று, திரும்பிப் போக மனம் வராத கட்டத்துக்கு வந்ததும் குறைப்பார்கள். பஸ் கிளம்பியதும் பழையபடி ஏறிவிடும்" என்றார். எனக்கு நம்ப முடியவில்லை. முன்னால் ஆவணச் சோதனை இன்னும் முடியாததால் பேருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தது. சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஒருவரும் இல்லை. பலகையில் 36.40 எரிந்துகொண்டிருந்தது.

இறங்கிப் போய் கேட்டிருக்கலாம்தான். ஆனால் பேருந்தை விட்டால் அடுத்தது மறுநாள். அந்த ஊரில் தங்க இடமும் தெரியாது. அதை அவர்கள் என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். நோட்டைக் கையை விட்டு விடுவதற்கு முன்பு, "இவ்வளவு டாலருக்கு மொத்தமாக எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டு, அவர் கணிப்பானில் வரும் எண்ணை உங்கள் கண்ணால் பாருங்கள். விலையை மட்டும் கேட்டால் போதாது; கைக்கு வரும் தொகையைக் கேளுங்கள். டோக்கன் எதையும் உறுதி செய்யாது. எல்லையில் அன்றைய பயணச் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை ஊருக்குள் போய் மாற்றுங்கள். நான் 50 டாலர் மட்டும் கொடுத்திருந்தால் போயிருப்பது 130, இப்போது போயிருப்பது 1,300. சந்தை இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால், விற்கும் விலையும் இறங்கியிருக்கிறதா என்று வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். உங்கள் நோட்டு உங்கள் கையில் இருக்கும்வரை அப்படிப் போய்வர முடியும். ஓட்டுநர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.