அம்மாவின் காதுக்கு எது: தொடர்கதையா, சிறுகதையா?

சர்க்கரையால் அம்மாவுக்கு விழித்திரை பழுதாகி இரண்டு வருஷம் ஆகிறது. பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் மத்தியானம் முழுக்க போனில் கதை கேட்கிறார். சிறுகதை, தொடர்கதை இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஓடுவது கல்கியின் பொன்னியின் செல்வன்.

முதலில் நான் நம்பியது சிறுகதையை. அரை மணியில் முடிந்துவிடும், மிச்சம் வைக்க வேண்டாம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது. பிராட்வே முனையில் தொடங்கும் கதை, முக்கால்வாசி பேச்சு. காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் அவருடைய எல்லாக் கதையும் அப்படி இல்லை. செறிவான கதையில் ஒரு வரி நழுவினால் முடிவே புரிவதில்லை. ஆட்களின் பெயர் மனதில் பதிவதற்குள் கதையும் முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் வரி நழுவாமல் இருக்காது. குக்கர் விசில் அடிக்கும், தண்ணி லாரி வந்ததென்று தெருவில் குரல் கேட்கும், அம்மாவுக்கும் கண் அசரும். அச்சுப் புத்தகம் என்றால் பக்கத்தைத் திருப்பி விட்ட இடத்தைப் பிடிக்கலாம். கண் தெரியாமல் போனில் பத்துப் பத்து வினாடியாகப் பின்னால் தள்ளுவது பெரும்பாடு. அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நடுவில் விட்டாலும் கதை நம்மைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறதா?

பொன்னியின் செல்வன் சேர்த்துக்கொள்கிறது. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. போன வாரத்தை மறந்திருப்பவர்களையும் மனதில் வைத்தே கல்கி எழுதியிருக்கிறார். வாசகர்களிடமே நேராகப் பேசி, வந்தியத்தேவனை எங்கே விட்டோம் என்று ஞாபகப்படுத்துவார். மொத்தம் 293 அத்தியாயம். ஒவ்வொன்றும் கால் மணி, இருபது நிமிஷம்; ஒரு தூக்கத்துக்கு ஒரு அத்தியாயம்தான் போகும்.

சிக்கல் பெயர்களில். "இது பெரியவரா, சின்னவரா?" என்று பழுவேட்டரையர் வரும்போதெல்லாம் அம்மா கேட்பார். அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே என்பதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது தொடங்கும் முன்பே ஏழெட்டுப் பெயரையும் உறவையும் வாயால் சொல்லிவிடுகிறேன்.

வரலாற்றுக் கட்டுரை நூல்களும் போட்டோம். ஆண்டும் அடிக்குறிப்பும் வந்ததும் அம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார்.

புதுப் புத்தகம் வாங்கும் முன் மாதிரி ஒலியில் நடுவில் எங்காவது தொட்டு இரண்டு நிமிஷம் கேட்கிறேன். யார், யாரிடம், எங்கே பேசுகிறார்கள் என்பது அதற்குள் பிடிபட்டால் அம்மாவுக்கு அது ஒத்துவரும். இதெல்லாம் அறுபத்தைந்து வயது வரை கண்ணால் படித்தவரின் காதை வைத்துச் சொல்வது. சின்ன வயதிலிருந்தே கேட்டுப் படித்தவர்கள் வேகத்தைக் கூட்டி வைத்துக்கொண்டே செறிவான கதையையும் பிடிப்பார்கள். அவர்களுக்குச் சிறுகதையே பொருந்தலாம்.

அம்மா மூன்றாம் பாகத்தில் இருக்கிறார். நேற்று தூங்கி எழுந்து, "நந்தினி இன்னும் கடம்பூர் போகலியே?" என்றார். போகவில்லை.