உட்துறைமுக வீதிச் சாப்பாட்டுக் கடையில் ஐந்து ஆண்டுகள்: திருத்த வேலைக்குப் பிறகு

வெளிநாட்டிலிருந்து தாயாருடன் வரவிருக்கும் நண்பர் ஒருவர், திருகோணமலையில் இரவுச் சாப்பாட்டுக்கு எங்கே ஆறுதலாக இருந்து கதைக்கலாம் என்று கேட்டிருந்தார். உட்துறைமுகப் பக்கம் நான் ஐந்து ஆண்டுகளாகப் போய்வரும் கடையின் பெயரை எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கான காரணத்தையே இங்கு எழுதுகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. அறுக்குளா மீன் குழம்பும் இடியப்பமும் முதல் நாள் இருந்த அதே தரத்தில் இன்றும் இருக்கின்றன. மாறியது, சென்ற ஆண்டுத் திருத்த வேலைக்குப் பிறகான மண்டபம். முன்பு கூரையின் கீழ் பாய் அடித்திருந்தார்கள். மேசையில் துணி விரிப்பும், கதிரையில் பிரம்புப் பின்னலும் இருந்தன. இப்போது தரையில் பளபளப்பான ஓடு, வீதிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, குளிரூட்டி, இரும்புக் கதிரைகள். முன்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்து பிளேன்ரீயும் குடித்து எழும்பிய நாங்கள், இப்போது முப்பத்தைந்து நிமிடத்தில் கை கழுவிவிடுகிறோம்.

முதலில் பாட்டைத்தான் குற்றம் சொன்னேன். கைப்பேசி மணிக்கூட்டைப் பார்த்து 15 விநாடிக்குப் பாட்டில் எத்தனை தாளத் தட்டு விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்கினேன். நிமிடத்துக்கு 120க்கும் மேல் வந்தது. அமெரிக்க உணவகம் ஒன்றில் மில்லிமன் என்பவர் செய்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், மெதுவான இசை ஒலித்த இரவுகளில் விருந்தினர் சராசரியாக 56 நிமிடமும், வேகமான இசையின்போது 45 நிமிடமும் இருந்தார்கள். சாப்பாட்டுச் செலவு பெரிதாக மாறவில்லை. கூடியது மதுபானச் செலவுதான். மது விற்காத நமது கடைக்காரருக்கு மெதுவான பாட்டால் பெரிய இலாபம் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவில் வாசலில் மூன்று குடும்பங்கள் காத்து நிற்கும்போது, மேசை விரைவாகக் காலியாவது அவருக்கு மட்டுமல்ல, நிற்பவர்களுக்கும் நல்லது. ஆனால் பத்து மேசையில் மூன்றில் மட்டுமே ஆட்கள் இருக்கும் செவ்வாய்க்கிழமையிலும் அதே வேகம், அதே சத்தம் எதற்கு? அந்த நேரத்தில் எழுந்து போகிறவர் விட்டுச்செல்வது வெறும் மேசையை மட்டுமே.

சத்தத்துக்குப் பாட்டு மட்டும் காரணமல்ல. பாயும் துணியும் உறிஞ்சிய ஒலியை ஓடும் கண்ணாடியும் திருப்பி எறிகின்றன. அதனால் நாங்கள் குரலை உயர்த்துகிறோம். பக்கத்து மேசையும் உயர்த்துகிறது. பாட்டுக் கேட்கவில்லை என்று பரிமாறும் தம்பி ஒலியை இன்னும் கூட்டுகிறார்.

இதையெல்லாம் பிரித்து அறிய வைத்தது ஒரு மின்தடை. அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு மின்பிறப்பாக்கியில் மின்விசிறிகளும், பணம் செலுத்தும் மேசைப் பக்கத்துப் பழைய மஞ்சள் குமிழ்கள் இரண்டும் மட்டும் இயங்கின, பாட்டு நின்றுவிட்டது. வழமையான வெள்ளைக் குமிழ்களின் பெட்டியில், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் எண் 6500K என்றும், மஞ்சள் குமிழில் 2700K என்றும் அச்சிட்டிருக்கும். வெள்ளை வெளிச்சத்தில் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும் குழம்பு, அன்று மிளகாய்ச் சிவப்போடு தெரிந்தது. மறைப்பில்லாத குமிழ் கண்ணில் குத்தாததால் எதிரில் இருந்தவரின் முகத்தை நிமிர்ந்து பார்த்துக் கதைக்க முடிந்தது. இரண்டாவது தடவை தேநீர் கேட்டோம். எண்பது நிமிடம் இருந்தோம்.

ஆனால் எழும்பியது மனம் நிறைந்ததால் அல்ல, என்னோடு வந்திருந்த என் அம்மாவின் கால் மரத்துப் போனதால். வீட்டில் கதிரையின் இருக்கை 43 சென்றிமீற்றர். அந்த இரும்புக் கதிரையை அடுத்த முறை அளந்தபோது 48. அம்மாவின் பாதம் தரையைத் தொடாது. உடற்பாரம் தொடையின் கீழ், இருக்கையின் முன் விளிம்பில் இறங்குகிறது. பின்னே சாய்ந்தால் கால் இன்னும் தூக்கப்படுகிறது. நாற்பதாவது நிமிடத்தில் அவர் அசையத் தொடங்கியதை நான் கண்டேன். வெளிச்சமும் பாட்டும், எழும்பிப் போகவேண்டும் என்ற எண்ணத்தை நமக்குத் தருகின்றன. அவை சரியாக இருந்தாலும், எவ்வளவு நேரம் தாங்கலாம் என்பதைக் கதிரை தீர்மானித்துவிடுகிறது.

முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். கிழமை நாட்களில் ஒலியைக் குறைக்கலாம் என்றார், இரண்டு வாரம் குறைத்தும் இருந்தார். குமிழ் மாற்றுவது சிறு செலவு. முப்பத்தாறு கதிரை மாற்றுவது அப்படியல்ல என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் சுவர்ப் பக்க மேசைகள் இரண்டுக்காவது பழைய பிரம்புக் கதிரைகளைத் திரும்பப் போட்டிருக்கலாம். அவை பின்வளவில் மழையில் நனைந்துகொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது.

திருகோணமலையில் இதைவிட நல்ல மீன் குழம்பு நான் சாப்பிட்டதில்லை. ஆனாலும் நண்பருக்கு, குழம்பைப் பொதி கட்டி வாங்குங்கள், தாயாரை அங்கே இருத்த வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன்.