மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா? ரிசப்ஷனில் நண்பர்கள் பாட எது ஒத்துவரும்

மாப்பிள்ளை, பெண்ணுக்காக நண்பர்கள் ஒரு பாட்டு எழுதிப் பாடுவது என்று முடிவானதும் எழும் முதல் கேள்வி இதுதான். எல்லோருக்கும் தெரிந்த சினிமா மெட்டை எடுத்து அதில் புது வரிகளை உட்கார வைப்பதா, வரிகளை முதலில் எழுதிவிட்டு நாமே ஒரு மெட்டுப் போடுவதா? மூன்றாவதாகக் கும்மி மெட்டும் இருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என் சாய்வு வெளிப்படையாகவே தெரிந்த மெட்டின் பக்கம். மெல்லிசைக் குழுவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும், கரோக்கே டிராக் கிடைக்கும், கூட்டம் முதல் வரியிலேயே கை தட்டும் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கும். நான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு. பாடப் போகிறவர்கள் பயிற்சி இல்லாத எட்டுப் பத்துப் பேர். எல்லோரும் ஒன்றாகக் கூடி ஒத்திகை பார்க்க ஒரு மாலை கிடைத்தாலே பெரிது. அந்த நிலையில் ஒரு புது மெட்டின் ஏற்ற இறக்கத்தை எல்லோர் மனதிலும் ஒரே மாதிரி பதிய வைக்க முடியாது. மெட்டு தெரிந்ததாக இருந்தால் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியது வரிகள் மட்டும்தான்.

ஆனால் இந்த வசதி வரிகள் மெட்டில் சரியாக உட்கார்ந்தால் மட்டுமே கிடைக்கும். பெரும்பாலான ரிசப்ஷன் பாட்டுகள் விழுவது இங்கேதான். வாட்ஸ்அப்பில் படிக்கும்போது அழகாக இருக்கும் வரி, மைக்கில் இழுபடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மெட்டை எடுத்ததும் வார்த்தைகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தத்தகாரமாக எழுதிக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பல்லவியின் அடி இப்படி அமைகிறது என்று வைத்துக்கொள்வோம்:

தானன தானன தானன தானா

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலை அடுத்து ஒற்று வந்தால் பாடும்போது அதுவும் இரண்டுதான். நெடிலை அடுத்து ஒற்று வந்தாலும் இரண்டைத் தாண்டாது. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் பெரும்பாலும் ஒன்றாகக் குறுகும். ‘காலை’யில் உள்ள ‘லை’ அப்படித்தான். இந்தக் கணக்கில் ஒவ்வொரு ‘தானன’வும் நான்கு, ‘தானா’வும் நான்கு. ஓர் அடிக்கு நான்கு தட்டு, ஒவ்வொரு தட்டிலும் நான்கு மாத்திரை.

பெண் யாழினி, மாப்பிள்ளை மாறன் என்று கொள்வோம். முதலில் தோன்றும் வரி இப்படி இருக்கலாம்: ‘யாழினி அழைத்ததும் வந்துவிட்டாய் மாறா’. பொருளில் குறையில்லை. மெட்டில் வைத்துத் தட்டிப் பாருங்கள். ‘யாழினி’ கச்சிதமாக ஒரு தானன. அடுத்து ‘அழைத்ததும்’ ஆறு மாத்திரை. இருக்கிற இடமோ நான்கு. அதோடு தட்டு விழும் இடத்தில் ‘அ’ என்ற குறில் நிற்கிறது. பாடுகிறவர் தன்னையறியாமல் அதை நீட்டி ‘ஆழைத்ததும்’ என்பார். பக்கத்தில் நிற்பவர் நீட்டாமல் வேகமாகச் சொல்லி முடிப்பார். இரண்டாவது தட்டிலேயே குழு பிரிந்துவிடும்.

அதே கருத்தை இப்படி மாற்றலாம்:

யாழினி கூப்பிட ஓடிய மாறா
நாளையும் இப்படி ஓடிடுவாயா?
காலையிலே ஒரு காப்பி கொடுத்தா
மாலை வரைக்கொரு கோபம் இராதே!

இரண்டாவது அடியைப் பாடும் விதத்தில் பிரித்தால் ‘நாளையு / மிப்படி / ஓடிடு / வாயா’. மூன்றாவது ‘காலையி / லேயொரு / காப்பிகொ / டுத்தா’. ஒவ்வொரு தட்டும் நெடிலிலோ ஒற்று அடுத்த குறிலிலோ விழுகிறது. கை தட்டிக்கொண்டே படித்தால் எங்கும் முட்டாது. பாடத் தெரியாதவர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, மெட்டைச் சொல்லாமல், தட்டிக்கொண்டே வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கும் இடம்தான் மேடையிலும் தடுக்கும்.

வல்லினம் மிகும் இடங்களையும் கவனிக்க வேண்டும். ‘யாரென’ என்பது ஒரு தானன. அதற்குப் பின் ‘கேளு’ வந்தால் ‘யாரெனக் கேளு’ ஆகி ஒரு மாத்திரை கூடிவிடும். ஒற்றை விட்டுவிட்டால் தமிழ் பிழை, வைத்தால் தாளப் பிழை. அந்த இடத்தில் சொல்லையே மாற்றுவதுதான் வழி.

பெயர்தான் இந்தப் பாட்டின் உயிர், தலைவலியும் அதுதான். யாழினி போன்ற பெயர் வாய்ப்பது அதிர்ஷ்டம். மாப்பிள்ளை கதிரவன் என்றால் ஐந்து மாத்திரை; நான்கில் அடங்காது. ‘கதிரே’ என்று விளித்தால் நான்கு, ‘ஓடிய கதிரே’ என்று அடியின் கடைசியில் அழகாக உட்காரும். சுரேஷ் குறிலில் தொடங்கும் பெயர். ‘நம்மசு / ரேஷின்’ என்று கணக்குப்படி உட்கார வைக்கலாம், ஆனால் ‘ரே’யில்தான் தட்டு விழும், மண்டபத்தில் கேட்பது ‘ரேஷ்’ மட்டும். அந்த ‘சு’வை முந்தைய அடியின் கடைசி மாத்திரையிலேயே பாடிவிட்டால், முன்னால் ஒட்டிக்கொள்ள வேறு சொல் இல்லாததால் பெயர் முழுதாகக் கேட்கும். அதற்கு முந்தைய அடி ஒரு மாத்திரை குறைவாக முடிய வேண்டும், அங்கே மூச்சு எடுக்கவும் கூடாது. கார்த்திக் போல வல்லின ஒற்றில் முடியும் பெயரை நீண்ட ஸ்வரத்தில் வைக்கவே வேண்டாம். ‘க்’கில் குரல் நின்றுவிடும். அடியின் நடுவில் வைக்கலாம், அல்லது ‘கார்த்தி’ ஆக்கலாம். பெயர் எதற்கும் வசப்படாவிட்டால் நண்பர்கள் கூப்பிடும் செல்லப் பெயர் உதவும், இரு வீட்டுப் பெரியவர்கள் முன் சொல்லக்கூடியதாக இருந்தால்.

தெரிந்த மெட்டுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: மூல வார்த்தை நழுவி வந்துவிடும். பெரும்பாலும் அடியின் முதல் சொல்லில்தான் நழுவும். புது வரி மூலத்தின் அதே எழுத்தில் தொடங்கினால் நாக்கு பழைய பாட்டுக்கே போகும். அதனால் முதல் எழுத்து வேறாக இருக்கட்டும். நீட்டிப் பாடும் இடங்களில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மூலத்தில் ஆ, ஏ, ஓ ஒலித்தால் அதே உயிரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ‘இ’யோ ‘உ’வோ போட்டால் பழகாத குரல் உச்சத்தில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்தது சுருதி. கரோக்கே டிராக் பின்னணிப் பாடகரின் சுருதியில் இருக்கும். ஆண்கள் பலருக்கு அதன் சரணம் எட்டாது. Audacity போன்ற மென்பொருளில் Change Pitch மூலம் இரண்டு மூன்று அரைச்சுரம் இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் வாத்தியங்களின் ஒலி மங்கத் தொடங்கும். மெல்லிசைக் குழு வாசிக்கிறது என்றால் கவலையே இல்லை. கீபோர்டுக்காரரிடம் முதல் நாளே சொன்னால் அவர் சுருதியை மாற்றிக்கொள்வார். பல்லவியில் மிக உயர்ந்த இடம் எது என்று கண்டுபிடித்து, குழுவிலேயே குரல் எட்டாதவரை அதைப் பாடச் சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கத்தாமல் வந்தால் அந்தச் சுருதி போதும்.

நீளத்தையும் குறைக்க வேண்டும். சினிமாப் பாட்டின் இடையிசை முழுக்க மேடையில் சும்மா நிற்பது சங்கடம். போட்டோவுக்குக் காத்திருக்கும் வரிசையும் பொறுக்காது. பல்லவி இரண்டு தடவை, ஒரு சரணம், மறுபடி பல்லவி. இரண்டு நிமிடத்துக்குள் முடியும்படி டிராக்கை வெட்டிக்கொள்ளலாம். செல்பேசியிலிருந்து டிராக் ஓடினால் விமானப் பயன்முறையில் போட்டு, மிக்ஸரில் வயரால் இணைப்பது நல்லது. நடுவில் அழைப்பு வந்தால் இசை நின்றுவிடும். பாடுகிறவர்கள் பக்கம் திரும்பிய ஒரு ஸ்பீக்கரும் அவசியம். அது இல்லாவிட்டால் மண்டபத்தில் முட்டித் திரும்பும் ஒலியைக் கேட்டுப் பாடி, தாளத்துக்குப் பின்தங்கிப் போவார்கள்.

எட்டுப் பத்துப் பேர் வரைக்கும் இந்தக் கணக்கை நம்பிச் சொல்வேன். இருபது பேர் ஏறினால் மைக் பங்கீடே வேறு பிரச்சினையாகிவிடும். அப்போது இருவர் பாட, மற்றவர்கள் பல்லவியில் மட்டும் சேர்ந்துகொள்வது பாதுகாப்பு.

இனி, பாட்டுக்கு மெட்டுப் போடும் வழி. வரிக்குள் முழுச் சுதந்திரம் உண்டு என்பது இதன் பலம். பெயர் எத்தனை மாத்திரையானாலும் மெட்டு வளைந்து கொடுக்கும். கதை சொல்ல வேண்டும், இருவர் பழகியதை நிதானமாகக் கோர்க்க வேண்டும் என்றால் இதுவே சரி. ஆனால் குழுவில் ஒருவராவது கீபோர்டோ கிதாரோ வைத்துக்கொண்டு மெட்டைப் பிடித்து நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மெட்டை ஐந்தாறு ஸ்வரத்துக்குள் அடக்கி, பல்லவியின் நான்கு அடிக்கும் ஒரே ஓட்டம் வைத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த ஒருவர் இல்லையென்றால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உரிமைச் சிக்கல் வருமோ என்ற பயத்தில் சிலர் சொந்த மெட்டுக்குப் போகிறார்கள். இந்தியாவில் மேடையில் பாடுவதைப் பொறுத்தவரை அந்தப் பயம் பெரும்பாலும் வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய விழாக்களிலும் பாட்டை நிகழ்த்துவதை மீறலாகக் கருதுவதில்லை. ஒன்றிய அரசும் 2023இல் ஓர் அறிவிப்பில் இதைத் தெளிவுபடுத்தியது. வீடியோவை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். அங்கே டிராக்கை அடையாளம் கண்டு உரிமையாளர் சார்பில் ஒலியை அடைப்பதோ விளம்பரம் சேர்ப்பதோ நடக்கும். எல்லோரும் பார்க்கும்படி வீடியோ இணையத்தில் நிற்க வேண்டும் என்பதே முதல் நோக்கமானால் சொந்த மெட்டு வெல்லும்.

கும்மி மெட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கேட்ட மெட்டு, யாருடைய தனிச் சொத்தும் இல்லை, கைத்தட்டே போதும், டிராக் வேண்டாம். மின்சாரம் போனாலும் பாடலாம். சினிமாப் பாட்டின் பளபளப்பு வராது, இளைஞர்கள் சிலருக்கு அந்த ஓட்டம் பழக்கமிருக்காது. ஆனாலும் மேலே எழுதிய நான்கு அடி கும்மியின் தட்டுக்கும் ஒத்துப்போகும். டிராக் வேலை செய்யாமல் போனால் அதே வரிகளைக் கை தட்டியே பாடி முடிக்கலாம் என்பதால், ஒத்திகையில் ஒரு முறையாவது இசை இல்லாமல் பாடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.