முகாம் மின்னஞ்சலில் எதைப் போடுவது: வெறும்வயிற்றுச் சீனியா, மூன்று மாதச் சீனியா?

கிளிநொச்சியில் ஒரு தனியார் மருத்துவ நிலையம், ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் நடத்தித் தருகிறோம் என்று பக்கத்துக் கம்பனிகளுக்கு எழுதுகிறது என்று வைப்போம். "முழு உடல் பரிசோதனை" என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். எத்தனை பேரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் வேலையிலிருந்து எழுப்ப வேண்டும் என்பதுதான் மனிதவள அலுவலரின் கேள்வி, அதற்குப் பதில் பெரும்பாலும் சலரோகத்துக்கு எந்தப் பரிசோதனை என்பதில் இருக்கிறது.

வெறும்வயிற்றுச் சீனி மலிவு. ஆனால் குறைந்தது எட்டு மணிநேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். 120 பேர் உள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றை எடுங்கள். பெயர் சரிபார்த்து, லேபிள் ஒட்டி, இரத்தம் எடுக்க ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டு தாதியர் மணிக்கு 24 பேரைத்தான் பார்க்கலாம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் கடைசிப் பிள்ளைக்கு மதியம் 12 ஆகிவிடும், அதுவரை பசியோடு மெசினில் இருக்கிற பிள்ளை மயங்கி விழுந்தால் அடுத்த வருடம் யார் கூப்பிடுவார்கள்? சரி, மூன்று காலைகளாகப் பிரியுங்கள். ஒரு காலைக்கு 40 பேர், 8.40க்குள் முடிந்துவிடும். குழாயும் கவனம்: புளோரைட் இல்லாத குழாயில் எடுத்த இரத்தம் வெயிலில் ஆய்வுகூடம் போகும்வரை கிடந்தால் சீனி குறைந்து, நோயிருப்பவருக்கும் நல்ல முடிவு வந்துவிடும்.

மூன்று மாதச் சீனி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, விலை கூட. சாப்பிட்டுவிட்டு எந்த நேரமும் வரலாம், 25 பேர் வேலை செய்யும் நிதி நிறுவனக் கிளைக்குப் பின்னேரம் ஒரே தடவையில் முடிக்கலாம். அங்கே நான் இதைத்தான் எழுதுவேன். தொழிற்சாலைக்கு எழுத மாட்டேன்: இளம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு அதிகம், அது எச்பிஏ1சியை உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம், சலரோகமே இல்லாத பிள்ளை பயந்துபோகும். அங்கே வெறும்வயிற்றுச் சீனியோடு ஹீமோகுளோபினையும் சேர்த்தால் இரத்தச்சோகையும் தெரிந்துவிடும்.

தொழிற்சாலைக்கான பந்தி இப்படி இருக்கலாம்:

"மூன்று காலைகள், நாளுக்கு 40 பேர், 7.00 முதல் 8.40 வரை. பிரஷர், நிறை, வெறும்வயிற்றுச் சீனி, ஹீமோகுளோபின். இரத்தம் எடுத்தவுடன் சாப்பிட இடமும் நேரமும் நீங்கள் ஒதுக்க வேண்டும். சிகிச்சை இதில் அடங்காது. முடிவு மூடிய உறையில் ஊழியரிடம் மட்டும் தரப்படும். நிறுவனத்துக்குப் பெயரில்லாத மொத்த எண்ணிக்கை மட்டும்."

கடைசி இரண்டு வரிகளை முதலாளி கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெயரோடு பட்டியல் போனால் வேலை போய்விடும் என்று பயந்து வரவேண்டியவர்களே வரமாட்டார்கள். நன்மை என்று எழுத இன்னொன்றும் உண்டு: வெறும்வயிற்றுச் சீனி 126 mg/dL அல்லது அதற்கு மேல் வந்தவருக்கு, அறிகுறி இல்லாவிட்டால், இன்னொரு நாளில் மறுபரிசோதனை, அதிலும் கூடினால் அரச வைத்தியசாலை கிளினிக்குக்குக் கடிதம். மறுபரிசோதனைக் காசை யார் கட்டுவது என்பதையும் அதே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.