இரண்டரை ஆண்டுகள், 14 கிளிக்குகள்: பின் ஷாக் அப்சார்பர் பற்றி என் அனுபவம்

பின் சக்கரத்துக்கான இந்தச் சரிசெய்யக்கூடிய ஷாக் அப்சார்பர் ஜோடியின் விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று சென்ற வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கூடவே இன்னொன்றும் கேட்டார்: "இவ்வளவு செலவு எதற்கு, கடினமான ஸ்பிரிங் மட்டும் மாற்றிக்கொண்டால் ஆட்டம் நின்றுவிடாதா?" இரண்டாவது கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. நானும் அதைத்தான் முதலில் செய்தேன். பணம் போனது, ஆட்டம் கூடியது.

என் குறை ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான். தனியாகப் போகும்போது வண்டி ஒழுங்காக இருக்கும். மனைவியும் ஒரு பையும் ஏறிவிட்டால், வேகத்தடையைத் தாண்டிய பிறகு பின்பக்கம் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் போய்த்தான் அடங்கும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், வளைவுக்குள் நுழையும் நேரத்தில் வண்டி இப்படி ஆடிக்கொண்டிருந்தால் கைப்பிடியில் நம்பிக்கை வராது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, கடினமானது போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் உறுதியாகச் சொன்னார்கள். போட்டேன். அன்று மாலை வீடு திரும்பும்போது மனைவி கேட்டது: "இதற்கா காசு கொடுத்தீர்கள்?"

கோபத்தில்தான் அளக்கத் தொடங்கினேன். அரிசி மண்டியில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மேடைத் தராசில் பின் சக்கரத்தை ஏற்றி, நான் இருக்கையில் அமர்ந்தபோது 140 கிலோ காட்டியது. சக்கரமும் பிரேக்கும் சார்ந்த பாகங்களும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்குத் தோராயமாக 20 கிலோ கழித்தால், பழைய ஸ்பிரிங் தாங்கியது 120 கிலோ. மனைவியும் பையும் சேர்ந்தபோது 187 கிலோ. இந்த 67 கிலோ கூடியதில் வண்டியின் பின்பகுதி 24 மில்லிமீட்டர் இறங்கியது. அதிலிருந்து ஸ்பிரிங்கின் விறைப்பு, சக்கரத்தின் இடத்தில், மீட்டருக்குச் சுமார் 27,000 நியூட்டன் என்று கிடைத்தது.

இந்த இரண்டு எண்களும் போதும், வண்டி எந்த வேகத்தில் ஆட விரும்புகிறது என்று சொல்லிவிடலாம். விறைப்பை எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதுவே இயல் அதிர்வெண். தனியாக இருக்கும்போது நொடிக்கு 15 ரேடியன், அதாவது சுமார் 2.4 ஹெர்ட்ஸ். இருவராக இருக்கும்போது 12 ரேடியன், 1.9 ஹெர்ட்ஸ். சுமை கூடினால் ஆட்டம் மெதுவாகும். இது உடலுக்கே தெரியும்.

உடலுக்குத் தெரியாத விஷயம் தணிப்பு விகிதம். ஷாக்கினுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே புகும்போது எழும் தடையை c என்று வைத்துக்கொண்டால்:

```
ωn = √(k/m)
ζ  = c / (2·√(k·m))
தாண்டல் = exp(−π·ζ / √(1−ζ²))
```

இதில் k ஸ்பிரிங்கின் விறைப்பு, m அது தாங்கும் எடை, ζ தணிப்பு விகிதம். ζ ஒன்றை எட்டினால் அழுத்தி விடப்பட்ட வண்டி ஆடாமல் நேராகத் தன் நிலைக்குத் திரும்பும். ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் நிலையைத் தாண்டிப் போய்த் திரும்பும். எவ்வளவு தாண்டும் என்பதை ζ மட்டுமே தீர்மானிக்கிறது. எவ்வளவு விரைவாக ஆடும் என்பதைப் பெரும்பாலும் ωn தீர்மானிக்கிறது.

சோதனை எளிது. ஒருவர் கைப்பிடியைப் பிடித்து வண்டியை நேராக நிறுத்திக்கொள்ள வேண்டும். உயிருள்ள ஆட்கள் தனியாகக் குலுங்கிக் கணக்கைக் கெடுப்பார்கள். அதனால் அதே எடை வரும்படி அரிசி மூட்டைகளை இருக்கையில் இறுகக் கட்டினேன். பின்பக்கக் கம்பியில் கைப்பேசியை நாடாவால் ஒட்டி, phyphox செயலியில் முடுக்கத்தைப் பதிவு செய்யவிட்டு, பின்பகுதியை 50 மில்லிமீட்டர் அழுத்திச் சட்டென்று விட்டேன். பக்கத்திலேயே ஓர் அளவுகோலும் கட்டியிருந்தேன். பழைய ஷாக்கில், பழைய ஸ்பிரிங்கோடு, இருவர் எடையில், கம்பி தன் நிலையைத் தாண்டி 23 மில்லிமீட்டர் மேலே போனது. அதாவது 46 சதவீதம், ζ சுமார் 0.24. மூட்டைகளைக் குறைத்துத் தனி ஆள் எடைக்குக் கொண்டுவந்தபோது தாண்டல் 37 சதவீதம், ζ 0.30. ஷாக் அதேதான், எண்ணெய் அதேதான். எடை மாறியதும் தணிப்பு விகிதம் மாறிவிட்டது. ஆகவே ஷாக் அப்சார்பருக்கென்று தனியாக ஒரு தணிப்பு விகிதம் கிடையாது. அது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சுமையும் சேர்ந்து உண்டாக்குவது.

இப்போது அந்தக் கடினமான ஸ்பிரிங்குக்கு வருகிறேன். அதன் விறைப்பு 44 சதவீதம் அதிகம். சமன்பாட்டில் k கீழே இருப்பதைப் பாருங்கள். விறைப்பு ஏற ஏற ζ இறங்கும். இருவர் எடையில் 0.24 ஆக இருந்தது 0.20 ஆகிவிட்டது. தாண்டல் 46 சதவீதத்திலிருந்து 53. மனைவியின் முதுகு சொன்னது சரி.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், எனக்கு உண்மையில் வியப்பளித்தது அங்கேதான் இருந்தது. ஆட்டத்தின் உயரம் தேய்ந்து அடங்கும் வேகம் c/(2m). இதில் ஸ்பிரிங்கே இல்லை! கைப்பேசிப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். இரண்டு ஸ்பிரிங்குகளிலும் ஆட்டம் கிட்டத்தட்ட 1.4 நொடியில் அடங்குகிறது. பழையதில் அதற்குள் இரண்டரை ஆட்டம், புதியதில் மூன்றைத் தாண்டி. அடங்க எடுக்கும் நேரம் கொஞ்சமும் குறையாமல், அதே நேரத்துக்குள் இன்னும் ஒரு குலுக்கலைத் திணித்துக் கொடுத்திருக்கிறது நான் வாங்கிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் கழுத்தில் உள்ள வளையத்தைத் திருகி இறுக்கினால் கடினமாகும் என்பார்கள், அதுவும் உதவாது. சுருள்கள் சீரான இடைவெளியில் இருக்கும் ஸ்பிரிங்கில் அது வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், விறைப்பை அல்ல. பின்னால் ஆள் ஏறும்போது ஷாக் அடிவரை போய் இடிக்காமலிருக்க அது தேவை, ஆட்டத்துக்கு மருந்தாகாது.

ஆட்டத்தைக் குறைக்க வேண்டுமானால் c கூட வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சரிசெய்யக்கூடிய ஜோடி. ஸ்பிரிங் பழைய விறைப்புதான். கீழே ஒரு திருகு, 20 கிளிக்குகள். ஷாக் விரியும்போது எண்ணெய் போகும் வழியை அது சுருக்குகிறது. 14-ஆவது கிளிக்கில் இருவர் எடையில் தாண்டல் 25 சதவீதமாக, 12 மில்லிமீட்டருக்கு வந்தது, ζ 0.4. முதல் முறை வால்பாறை ஏறியபோது, ஒன்பதாவது வளைவுக்குள் மனைவி என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டியதில்லை.

இன்னொரு மகிழ்ச்சி, எதிர்பாராதது. எங்கள் ஊரை ஒட்டிய கான்கிரீட் சாலையில் பலகங்களின் இணைப்பு 4.5 மீட்டருக்கு ஒன்று. நாடா வைத்து அளந்தேன். மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்கு 1.9 இணைப்புகள் சக்கரத்தின் அடியில் வரும், இருவர் எடையின் இயல் அதிர்வெண்ணேதான். பழைய ஷாக்கில் சாலையின் ஒவ்வொரு அலையையும் இருக்கை இரு மடங்குக்கு மேலாகப் பெருக்கிக் கொடுத்தது. தனியாகப் போனால் அதே தொல்லை 39-இல் வரும். வேகம் கூட்டினால் மறைந்துவிடும் இந்த ஆட்டத்தை டயர் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை சக்கரத்தைச் சமன் செய்ய வைத்திருக்கிறேன்! புதிய ஷாக்கில் அந்தப் பெருக்கம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது. முற்றிலும் போகாது, ஆனால் பற்களைக் கடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி கோபம்.

அந்த 20 கிளிக்குகளில் முதல் பத்தால் எந்தப் பயனும் இல்லை. ஒன்று ஒன்றாக அளந்து பார்த்தேன். பத்து வரை தாண்டல் ஓரிரு சதவீதம்தான் மாறுகிறது. 12 முதல் 17 வரை ஒவ்வொரு கிளிக்கும் பெரிய அடி. 18-க்கு மேல் வண்டி எழவே தயங்குகிறது. அடுத்தடுத்த மேடுகள் உள்ள மண் சாலையில், ஒன்றிலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்து அழுத்த, பின்பகுதி மேட்டுக்கு மேடு தாழ்ந்துகொண்டே போகிறது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, ஒரு வரைபடம் இல்லை. திருகில் எண்கூட இல்லை. இருட்டில், சைலன்சருக்கு அருகே விரலைவிட்டு, முழுக்க மூடி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். இருபுறமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

எண்ணுவதைத் தவிர்க்கவும் முடியாது. இருவருக்கு 0.4 தரும் அதே 14, தனியாகப் போகும்போது 0.5 ஆகிவிடுகிறது. தாண்டல் குறைவுதான், ஆனால் ஒவ்வொரு சிறு குழியையும் இடுப்பில் சொல்கிறது. தனியாக இருந்தால் 12, இருவராக இருந்தால் 14. தினமும் பள்ளியிலிருந்து மகளை அழைத்துவரும் எனக்கு இது ஒரு நாளைக்கு இரண்டு முறை குனிவது.

சென்ற மாதம் இடது ஷாக்கின் எண்ணெய் முத்திரை போய்விட்டது. வெளியே கசிவு தெரியவில்லை, தூசு மூடியிருந்தது. ஏதோ ஆடுகிறதே என்று அழுத்திப் பார்த்தேன். 25 சதவீதமாக இருந்த தாண்டல் 53 ஆகியிருந்தது. தடை பாதியானால் ζ பாதி, 0.20. அப்படியென்றால் இரண்டில் ஒன்று வேலையே செய்யவில்லை என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் பிரித்தபோது உள்ளே எண்ணெய் ஒரு தேக்கரண்டிதான் இருந்தது. பழுது பார்த்த பின் அளந்தேன், மீண்டும் 25. அளக்கும்போது முதல் இரண்டு உச்சங்களை மட்டும் எடுங்கள். கடைசிச் சிறு அசைவுகளை முத்திரையின் உராய்வு விழுங்கிவிடும், அவற்றை வைத்துக் கணக்கிட்டால் ζ உண்மையைவிட அதிகமாகத் தெரியும். விரியும்போதும் சுருங்கும்போதும் தடை ஒன்றல்ல என்பதால் இந்த எண்கள் எல்லாமே ஒரு சராசரிதான்.

நண்பருக்கு என் பதில்: கடினமான ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம். இந்த ஜோடி என் வண்டிக்கு நேர்ந்த மிக நல்ல மாற்றம். ஆனால் இந்த விலைக்கும் நான் மறுபடி வாங்கமாட்டேன். எண் பொறித்த திருகை, எட்டும் இடத்தில் வைத்த ஒன்று வரும்வரை காத்திருப்பேன். அவர் தினமும் அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரே சுமையில் போகிறவர். ஒருமுறை சரிசெய்தால் தொட வேண்டியதில்லை. அவர் வாங்கலாம். வாங்கினால் மண்டித் தராசுக்கு நானே கூட்டிப்போகிறேன், மூட்டைகளும் கயிறும் என்னிடம் இருக்கின்றன.