போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிந்தால்

நூறு பேரில் ஏறக்குறைய இருபது பேருக்கு இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. வித்தியாசம் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்குள்தான். வெயிலில் நின்றாலும் மங்கிய அறையில் இருந்தாலும் அது ஏறக்குறைய அதே அளவில்தான் இருக்கும். இமை தொங்காது, வலிக்காது. இது வெறும் இயல்பு.

பக்கத்து ஜன்னல் வெளிச்சம் ஒரு கண்ணில் மட்டும் பட்டதால் இப்படி ஆகியிருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது சரியல்ல. ஒரு கண்ணில் ஒளி பட்டாலும் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே சுருங்கும்.

நரம்புக் கோளாறு என்றால் வித்தியாசம் வெளிச்சத்தைப் பொறுத்து மாறும். இருட்டில் அதிகமானால், சரியாக விரிய முடியாத சிறிய கண்மணியின் மேல்தான் சந்தேகம். வெளிச்சத்தில் அதிகமானால், சுருங்க மறுக்கும் பெரிய கண்மணியின் மேல்.

சிறிய கண்மணியும் அதே பக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறங்கிய இமையும் சேர்ந்து வந்தால் அது ஹார்னர் சிண்ட்ரோமாக இருக்கலாம். மூளையிலிருந்து கழுத்து வழியாக, நுரையீரல் உச்சியைத் தொட்டுக் கண்ணுக்கு வந்து, கண்மணியை விரிக்கவும் இமையைத் தூக்கவும் உதவும் பரிவு நரம்புப் பாதையில் எங்கோ அடி விழுந்திருக்கிறது என்று பொருள். மூன்றாவது மூளை நரம்பு பாதிக்கப்பட்டால் கதை வேறு. இமை பாதிக்கு மேல் மூடும், கண் வெளிப்பக்கமும் கீழுமாகத் திரும்பும், காட்சி இரட்டையாகும், கண்மணி விரிந்தே நிற்கும். திடீர்த் தலைவலியோடு இது வந்தால், மூளை ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் அந்த நரம்பை அழுத்தக்கூடும். அது வெடிக்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 42. நேற்று எடுத்த செல்ஃபியில் இடது இமை லேசாக இறங்கியிருக்கிறது, இடது கண்மணியும் சிறிது. (முன் கேமரா சில போன்களில் இட வலத்தை மாற்றிக் காட்டும். அதனால் கண்ணாடியிலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.) அவர் முதலில் பழைய லைசென்ஸ் போட்டோவையும் ஐந்து வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கிறார். இரண்டிலும் கண்கள் சமம். ஆக இது புதிது. அப்புறம் விளக்கை அணைத்து, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்கிறார். வலது மணி உடனே விரிகிறது. இடது மணி பத்துப் பதினைந்து விநாடி தாமதித்து, அரைகுறையாக விரிகிறது. மூன்று நாளாக இடப்பக்கக் கழுத்தில் வலி இருப்பதும் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பரிவு நரம்பு ஒட்டிச் செல்லும் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அது பக்கவாதத்தில் முடியலாம், எனவே அன்றே அவசரப் பிரிவு, தலையும் கழுத்தும் சேர்ந்த ஆஞ்சியோ ஸ்கேன்.

பழைய படத்திலும் அதே வித்தியாசம் இருந்திருந்தால் சாவகாசமாகக் கண் மருத்துவரிடம் காட்டினால் போதும். ஆனால் கருவிழி அடர் பழுப்பாக உள்ள நமக்கு, சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கண்மணியின் ஓரம் தெரிவது கடினம். ஃபிளாஷில் கண்மணி சிவந்து விழுந்த பழைய படங்கள் இதற்கு நன்றாக உதவும்.

இன்னொன்று: ஊமத்தைச் செடியைப் பிடுங்கிய கையால் கண்ணைக் கசக்கினாலும் அந்தக் கண்மணி மட்டும் நன்றாக விரிந்து நிற்கும். இமை தொங்காது. அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.