90 நாள் நோட்டீஸ் பீரியடை மறைக்காமல் போட்ட பிறகு

நௌக்ரியில் எனக்கு ஆறு வருடமாக ப்ரொஃபைல் இருக்கிறது. முதல் மூன்று வருடம் கொஞ்சம் புளுகியிருந்தேன். அடுத்த மூன்று வருடம் உள்ளது உள்ளபடி. சென்னையில் ஜாவா டெவலப்பர் வேலை.

பெரிய புளுகு நோட்டீஸ் பீரியடில்தான். ஆஃபர் லெட்டரில் 90 நாள் என்று இருக்க, நான் தேர்ந்தெடுத்தது `15 Days or less`. ஆள் தேடுகிறவர்கள் இந்தக் கட்டத்தை வைத்துத்தான் முதலில் வடிகட்டுகிறார்கள். அதனால் தினமும் நாலைந்து அழைப்பு வந்தது. ஒரு நிறுவனத்தில் மூன்று ரவுண்டும் முடிந்து, எப்போது சேர்வீர்கள் என்று கேட்டார்கள். பை-அவுட் செய்துகொள்ளலாம் என்று மழுப்பினேன். மிச்ச நாளுக்கான சம்பளத்தைக் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது என் நினைப்பு. லெட்டரை எடுத்துப் பார்த்தால், அது மேனேஜர் சம்மதித்தால்தான் என்று எழுதியிருந்தது. அவர் சம்மதிக்கவில்லை. ஆஃபரும் போச்சு.

அன்றைக்கே `3 Months` என்று மாற்றினேன். அழைப்புகள் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்துவிட்டன, முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கூப்பிட்டவர்கள் எல்லாம் காத்திருக்கத் தயாரானவர்கள். அப்படி வந்த ஒரு ஆஃபரை வைத்து ராஜினாமா செய்த பிறகுதான் `Serving Notice Period` போட்டுக் கடைசி வேலை நாளையும் கொடுத்தேன். பழைய வெள்ளம் திரும்ப வந்தது, இந்த முறை பொய் சொல்லாமலே.

சம்பளத்தில் நான் கற்றது, மொத்த சிடிசியை மட்டும் பேசக்கூடாது என்பது. அப்போது எனக்கு 9 லட்சம், அதில் 90 ஆயிரம் வேரியபிள். ஃபிக்ஸட் 8.1 லட்சம்தான். 10.5 லட்சம் தருகிறோம் என்றார்கள், அதில் 2 லட்சம் வேரியபிள். ஒன்றரை லட்சம் ஏற்றம் மாதிரி தெரியும், ஃபிக்ஸட் கூடியதோ வெறும் 40 ஆயிரம். இப்போது எதிர்பார்ப்புக் கட்டத்தில் எண்ணைப் போட்டுவிட்டு, ப்ரொஃபைல் சம்மரியில் 'ஃபிக்ஸட் மட்டும்' என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். நடப்புச் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதில் பிரயோஜனமே இல்லை, பெரும்பாலான இடங்களில் கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்பார்கள்.

ஸ்கில்ஸில் ஆங்குலர் நான்கு வருடம் என்று இருந்தது. `OnPush` எதற்கு என்று ஒருவர் கேட்டபோது பத்து விநாடி மௌனம், அப்புறம் அவரே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பிறகு எட்டு மாதம், கடைசியாகப் பயன்படுத்தியது 2021 என்று திருத்தினேன். ஃபுல் ஸ்டாக் அழைப்புகள் நின்றன. போன மாதம் ஒரு எச்.ஆர். மேடம், "ஆங்குலர் எவ்வளவு தெரியும் சார்?" என்றார். "எட்டு மாசம் மேடம், அதுவும் பக் ஃபிக்ஸ்தான்" என்றேன். சிரித்துவிட்டு, "பரவாயில்லை, இங்கே பேக்எண்ட்தான் முக்கியம்" என்று இன்டர்வியூ தேதி கொடுத்தார்.